சார்ஜர் போட்டால் இ.எல்.சி.பி. விழுகிறதா?

குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாக மலையேறினால் பலமனேர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரம். கீழே சித்தூரில் விசிறி போட்டுப் படுக்கும் மாதங்களில்கூட இங்கே சாயங்காலம் வெந்நீர் கேட்கும். அதனால் பல வீடுகளில் கீசர் இருக்கிறது. சித்தப்பா வீட்டிலும் இருக்கிறது. நான் சொல்லப்போகும் வழக்கில் அந்தக் கீசருக்கு ஒரு பங்கு உண்டு என்று எங்களுக்குத் தெரிய நான்கு வாரம் பிடித்தது.

சித்தப்பா போன ஆண்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். வாசல் வராந்தாவில் ஒரு பவர் பிளக் வைத்து அதில் சார்ஜ் போடுவார். ஐப்பசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. சாயங்காலம் சார்ஜரைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. தினமும் இல்லை. சில நாள் விழும், சில நாள் விழாது. சார்ஜர்தான் கெட்டுவிட்டது என்று கடையில் சொன்னார்கள். பல ஆயிரம் கொடுத்துப் புது சார்ஜர் வாங்கினார். இரண்டாம் நாளே அதுவும் தட்டிவிட்டது. "புதுசும் இப்படியே பண்ணுதுப்பா, வண்டியே சரியில்லையோ?" என்று போனில் கேட்டார்.

நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: "டி.பி. பாக்ஸ்ல எந்தக் குச்சி கீழே விழுது, சித்தப்பா?" அவருக்குத் தெரியவில்லை. கரண்ட் போகும், போய்த் தூக்கி விடுவார், அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை. ஆனால் நோயின் பாதிக் கதை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

டி.பி. பாக்ஸில் இரண்டு வகை சுவிட்சுகள் இருக்கும். வரிசையாக ஒல்லியாக நிற்பவை எம்.சி.பி. ஒயரில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அவை விழும். அவற்றுக்கு முன்னால் கொஞ்சம் அகலமாக, 'T' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு இருப்பதை நம் ஊர்களில் எல்லோரும் இ.எல்.சி.பி. என்கிறோம். கடையில் அதன் பெயர் ஆர்.சி.சி.பி. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. போனது எல்லாம் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். பேஸ் ஒயரும் நியூட்ரல் ஒயரும் அதற்குள் ஒரே இரும்பு வளையத்தின் நடுவே நுழைந்து போகின்றன. 3 ஆம்பியர் போய் 3 ஆம்பியர் திரும்பினால் வளையத்துக்கு இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். போனதில் ஒரு துளி எர்த் ஒயர் வழியாகவோ ஒரு மனிதரின் உடல் வழியாகவோ நழுவினால், அந்த வித்தியாசம் வளையத்தில் தெரியும். வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் ஒரு நொடியின் பத்தில் மூன்று பங்குக்குள் அது விழுந்தாக வேண்டும்.

அந்த 30 என்ற எண்ணுக்குப் பின்னால் மனித உடல் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தவர்கள் கையில் மின்கம்பியைப் பிடிக்கவைத்து, எத்தனை மில்லியாம்பியர் வரை அவர்களால் கையை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகி, கை தானாகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் குளியலறைப் பிளக்குகளுக்கு 5 மில்லியாம்பியரிலேயே வெட்டும் கருவி வந்தது இப்படித்தான். நம் வீடுகளில் 30 வைத்திருப்பது, கையை விட முடியாமல் போனாலும் இதயம் நின்றுபோவதற்கு முன் மின்சாரம் அறுந்துவிடும் என்ற கணக்கில்.

சித்தப்பா மறுநாள் சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார்: "அகலமா இருக்கே, அதுதான் விழுது. மத்ததெல்லாம் மேலேதான் இருக்கு." அப்படியானால் இது மின்கசிவு. எம்.சி.பி. விழுந்திருந்தால் கதை வேறு. சார்ஜர் போட்ட நொடியில் அது விழுந்தால், உள்ளே டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது சார்ஜருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் காலியாக இருந்து, போட்ட மாத்திரத்தில் ஒரு மிடறாக மின்சாரத்தை உறிஞ்சியிருக்கலாம். 6 ஆம்பியர் 'B' வகை எம்.சி.பி. 18 ஆம்பியரிலிருந்தே சட்டென்று விழக்கூடும். நல்ல சார்ஜர்கூட அந்த முதல் மிடறில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அதைத் தாண்டும். லைட் லைனில் சார்ஜர் போடாமல், 16 ஆம்பியர் 'C' வகை எம்.சி.பி. உள்ள பவர் பிளக்கில் போட்டால் அது தீர்ந்துவிடும். அரை மணி கழித்து எம்.சி.பி. விழுந்தால் அந்த லைனில் சுமை அதிகம், அல்லது எங்கோ திருகு தளர்ந்து சூடாகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். காலை பதினொன்றுக்குச் சார்ஜரைப் போட்டோம். விழவில்லை. பத்துத் தடவை போட்டுப் போட்டு எடுத்தோம், ஒரு தடவைகூட விழவில்லை. "பக்கத்து வீட்லயும் போட்டுப் பார்த்தேன், விழலை" என்றார் சித்தப்பா. போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டில் இ.எல்.சி.பி.யே கிடையாது. அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. கசிவைப் பார்க்கும் கண் இல்லாத வீட்டில் எந்தச் சார்ஜரும் நல்ல சார்ஜர்தான்.

இங்கே சார்ஜரின் வயிற்றுக்குள் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். சார்ஜர் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் மாற்றுகிறது. அதனால் எழும் இரைச்சல் வெளியே போய் ரேடியோவையும் டி.வி.யையும் கெடுக்காமலிருக்க, பேஸிலிருந்து எர்த்துக்கும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் சின்னஞ்சிறு கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். இரைச்சலை எர்த்தில் கொட்டுவது அவற்றின் வேலை. ஆனால் 230 வோல்ட், 50 சுழற்சி மின்சாரத்திலும் கொஞ்சம் அவை வழியே எர்த்துக்குப் போகும். 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றில் ஒரு மில்லியாம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய சார்ஜரில் எல்லாம் சேர்ந்து ஒன்று இரண்டு மில்லியாம்பியர் ஆகலாம். மூன்று முள் பிளக் உள்ள கணினி போன்ற சாதனங்களுக்கு 3.5 வரை அனுமதி உண்டு.

பலமனேர் சுட்ட மண் வேலைக்குப் பேர்போன ஊர். இந்த ஊர்க்காரர்களிடம் இதை விளக்குவது எளிது: மண்பானை வேர்க்கும், அது ஓட்டை அல்ல. சார்ஜரும் அப்படி வேர்க்கிறது. இரண்டு மில்லியாம்பியர் வேர்வைக்கு 30 மில்லியாம்பியர் சுவிட்ச் விழக் கூடாது. விழுகிறதென்றால் அந்த 30-ஐ வேறு யாரோ ஏற்கெனவே தின்றுகொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 30 என்று எழுதியிருந்தால் 30-இல்தான் விழும் என்பதில்லை. 15 வரை விழவே கூடாது, 30-இல் விழுந்தே ஆகவேண்டும் என்பதுதான் விதி. இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். சோதனைக் கருவியை மாட்டிக் கசிவை மெல்ல ஏற்றிப் பார்த்தேன். சித்தப்பா வீட்டுச் சுவிட்ச் 22-இல் விழுந்தது. அதில் பழுது ஒன்றுமில்லை.

கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்னிடம் இருந்தது. சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது, மில்லியாம்பியரைப் படிக்கும் மீட்டர் வேண்டும். அதன் வாய்க்குள் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால், இ.எல்.சி.பி.யின் வளையம் பார்ப்பதையே அதுவும் பார்க்கும். ஞாயிறு பகலில் பிரிட்ஜ், டி.வி., இன்வெர்ட்டர் எல்லாம் ஓட, 6 காட்டியது. ஸ்கூட்டர் சார்ஜரைப் போட்டதும் 8. சார்ஜர் நிரபராதி என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் குற்றவாளி யார்?

சித்திதான் வழி காட்டினார். "நான் வேலையிலிருந்து வந்து கீசர் போடுற நேரத்துலதான் இவர் வண்டியைச் சார்ஜ் போடுவார்" என்றார், ஏதோ சித்தப்பா மேல் புகார் சொல்வது போல. உடனே கீசரைப் போடச் சொன்னேன். மீட்டர் 6-இலிருந்து 20-க்கு ஏறி நின்றது.

கீசர் தனியாக ஒருநாளும் சுவிட்சைத் தட்டவில்லை, 20 அதற்குப் போதவில்லை. அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. இப்போது சார்ஜரைப் போட்டோம். முதல் தடவை நின்றது, மீட்டர் 21-ஐ நெருங்கியது. (சார்ஜரின் இரண்டைச் சேர்த்தால் 22 வர வேண்டுமே என்று கேட்கலாம். கெப்பாசிட்டர் வழியே போகும் கசிவும் காயில் வழியே போகும் கசிவும் ஒரே கணத்தில் உச்சம் தொடுவதில்லை, அதனால் நேராகக் கூட்ட முடியாது.) இரண்டாம் தடவை 'டப்'. சுவிட்ச் போடும் கணத்தில் மின்சார அலை உச்சத்தில் இருந்தால் சார்ஜரின் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கு ஒரு குட்டி உந்தலைத் தள்ளும். அந்த உந்தல் 22-ஐத் தாண்டிவிடும். அலை தாழ்ந்திருக்கும்போது போட்டால் தப்பிக்கும். அதனால்தான் சில நாள் விழுந்தது, சில நாள் விழவில்லை. தண்ணீர் சூடாகி தெர்மோஸ்டாட் கீசரை நிறுத்திய பிறகு போட்ட நாட்களில் விழவே இல்லை. நிரம்பி நின்ற குடத்தில் கடைசிச் செம்பை ஊற்றியது சார்ஜர். வழிந்ததற்குப் பழி அதன் மேல் விழுந்தது.

கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தோம். போர் தண்ணீரின் உப்பு அதன் மேல் வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. உப்பு ஓடு இருந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது, காயில் உள்ளுக்குள் வெந்துபோகும். ஓட்டைத் தட்டி உதிர்த்ததும், வளைவில் தலைமுடி போல ஒரு விரிசல், அதன் ஓரம் பச்சை பூத்திருந்தது. காயிலின் உள்ளே இருக்கும் கம்பிக்கும் வெளிக் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும்வரை அது மின்சாரத்தைத் தாண்டவிடாது. விரிசல் வழியாக ஈரம் குடித்தால் அந்தக் காவல் போய்விடும். எர்த் சரியாக இருந்ததால் கசிந்த மின்சாரம் அங்கே போய்க்கொண்டிருந்தது. எர்த் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கசிவு ஷவருக்கு அடியில் நின்றவர் வழியே போயிருக்கும்.

கையை விட முடியாமல் போகும் அளவு அது. இதைச் சொன்னபோது சித்தி ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

இப்போது மனம் கனக்கும் பகுதிக்கு வருகிறேன். நான் போவதற்கு முந்தின வாரம் ஒரு ஒயர்மேன் வந்து தீர்வு ஒன்று சொல்லியிருக்கிறார். சார்ஜர் பிளக்கில் மேலே உள்ள தடித்த முள்ளை, அதாவது எர்த் முள்ளை, வெட்டிவிட்டால் இனி விழாது என்று. உண்மைதான், விழாது. சார்ஜரின் வேர்வைக்கு எர்த்துக்குப் போக வழி இல்லையென்றால் இ.எல்.சி.பி.க்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த வேர்வை எங்கே போகும்? பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் சந்திப்பில் சார்ஜரின் உலோக உடல் தொங்கும். அதன் மேல் ஏறத்தாழ 115 வோல்ட் உட்கார்ந்திருக்கும். தொட்டால் சுள்ளென்று குத்தும், ஆள் சாக மாட்டார். அதே சார்ஜருக்குள் ஒருநாள் ஒரு பேஸ் ஒயர் நழுவி உடலில் பட்டால் முழு 230 வோல்ட்டும் அங்கே காத்திருக்கும், முதலில் தொடும் ஆளுக்காக. எர்த் முள்ளை வெட்டினால் கசிவு நிற்பதில்லை. அது போகும் வழியை மட்டும் நம் உடலுக்கு மாற்றிக் கொடுக்கிறோம். இ.எல்.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வேலையும் இதே ஜாதிதான். இரண்டையும் நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பலமனேர் போன்ற பாறை மண் ஊர்களில் இது இன்னும் மோசம். கிரானைட் பாறையின் மேல் மெல்லிய மண். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டாலும் சித்திரை வெயிலில் அது காய்ந்துபோகும். குழியின் தடை 100 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேஸ் ஒயர் சார்ஜர் உடலில் பட்டால் எர்த்துக்குப் போகும் மின்சாரம் 230-ஐ 100-ஆல் வகுத்தால் வரும் 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, ஒருநாளும் விழாது. 30 மில்லியாம்பியர் சுவிட்சுக்கோ அது எழுபது மடங்குக்கு மேல், கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். எர்த் பலவீனமான ஊரில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அந்த அகலமான சுவிட்ச்தான். கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், அதுவும் உதவும்.

சித்தப்பா வீட்டு வழக்கு கீசரில் முடிந்தது. எல்லா வீட்டிலும் அப்படி முடியாது. நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு காரணம் இன்வெர்ட்டர் வயரிங். இன்வெர்ட்டருக்கான பேஸை இ.எல்.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டு, அந்த லைட், பிளக்குகளின் நியூட்ரலை இ.எல்.சி.பி.க்குப் பின்னால் உள்ள பொதுக் கட்டையில் கட்டிவிடுவார்கள். மின்சாரம் ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்பும். வளையத்தின் கணக்கில் வரவு இருக்கிறது, செலவு இல்லை. 3 ஆம்பியர் சார்ஜர் போட்டால் வித்தியாசமும் 3 ஆம்பியர், போட்டவுடன் விழும், ஒவ்வொரு தடவையும் விழும். நியூட்ரல் ஒயர் எங்காவது எர்த்தோடு உரசிக்கொண்டிருந்தாலும் இதே போலத்தான், சுமை கூடினால் விழும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். அதே பிளக்கில் சார்ஜருக்குப் பதில் இரண்டு முள் பிளக் வைத்த ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள். பல்புக்கு எர்த்தே கிடையாது, அது கசிய முடியாது. அதற்கும் விழுகிறதென்றால் சார்ஜரை விட்டுவிடுங்கள், தப்பு சுவருக்குள் இருக்கிறது. மொபைல் சார்ஜர் போன்ற இரண்டு முள் சார்ஜருக்கு இ.எல்.சி.பி. விழுந்தாலும் முதல் சந்தேகம் வயரிங் மேல்தான், அல்லது மழைத் தண்ணீர் இறங்கிய பிளக் பெட்டியின் மேல்.

மீட்டர் இல்லாத வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டி.பி. பாக்ஸின் மூடியைக் கழற்றாமல், வெளியே தெரியும் குச்சிகளை மட்டும் கொண்டு செய்யலாம். சார்ஜர் இருக்கும் லைனின் எம்.சி.பி.யைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டுச் சார்ஜரைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் சார்ஜர், பிளக் பாயின்ட், அந்த லைன், இந்த மூன்றில் ஒன்று. வேறொரு நல்ல பிளக்கில் போட்டுப் பார்த்தால் சார்ஜரா இல்லையா என்று பிரிந்துவிடும். விழவில்லை என்றால் மற்ற எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். ஒவ்வொன்றைத் தூக்கியதும் அந்த லைனில் உள்ள சாதனத்தை ஓடவிட்டு, சார்ஜரை நான்கைந்து தடவை போட்டு எடுங்கள். கீசர், போர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தண்ணீரும் சூடும் சேரும் இடங்களை முதலில் பாருங்கள். எந்தக் குச்சியைத் தூக்கியபின் விழுகிறதோ அங்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும் என்பதால் நியூட்ரலில் உள்ள தப்பு இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். அதற்குத்தான் அந்த குண்டு பல்பு.

சித்தப்பா வீட்டில் புதுக் காயில் போட்ட பிறகு கீசரையும் சார்ஜரையும் சேர்த்துப் போட்டு அளந்தேன். 9 காட்டியது. இரண்டு சார்ஜரும் நன்றாக இருக்கின்றன, ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது.

கிளம்பும்போது சித்தப்பாவை அழைத்து இ.எல்.சி.பி.யில் இருக்கும் 'T' பொத்தானை அழுத்தச் சொன்னேன். வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. அழுத்தினால் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வேண்டுமென்றே ஒரு வித்தியாசத்தை உண்டாக்கும், சுவிட்ச் விழ வேண்டும். விழுந்தால் அதன் இயந்திரம் உயிரோடு இருக்கிறது. எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை இது சொல்லாது, அதைத் தனியாக அளக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டு விழாமல் போவது உண்டு. அதனால் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். இன்று மாலை உங்கள் வீட்டிலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் சார்ஜரைப் பற்றி நாளைக்கு யோசிக்கலாம், முதலில் அந்தச் சுவிட்சை மாற்றுங்கள்.